எதுல போடுதாவ, எத்தனை பேருக்கு

காப்பி விஷயத்தில் நான் கொஞ்சம் முரடன். சோறு குழைந்திருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிடுவேன். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். காப்பி மட்டும் சரியில்லை என்றால் அன்றைக்குக் கடையில் என்னிடம் சட்டை தைக்கக் கொடுத்தவனுக்குக் கெட்ட காலம். மேலப்பாளையத்தில் எனக்குத் தையல் கடை. இருபத்தெட்டு வருஷமாக அதே மெஷின், அதே இடம், அதே கோபம் என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

காப்பிப் பொடி மட்டும் மேலப்பாளையத்தில் வாங்குவதில்லை. பஸ் ஏறி திருநெல்வேலி ஜங்ஷன் போய், கொட்டை வறுத்து அங்கேயே அரைத்துத் தரும் ஒரு கடையில்தான் வாங்குவேன். கடைக்கு நாலு கடை முன்னாலேயே வாசம் ஆளைப் பிடித்துவிடும். அரைத்துத் தருகிற அண்ணாச்சிதான் முதலாளியும். புதிதாக யார் வந்து நின்றாலும் கொட்டையைத் தொடுவதற்கு முன்னால் அவர் மூன்று கேள்வி கேட்பார். எதில் போடுவீர்கள்? ஒரு தடவைக்கு எத்தனை பேருக்கு? எத்தனை நாளைக்கு வேண்டும்? பலருக்கு இது பிடிக்காது. "காப்பிப் பொடி கேட்டா ரேஷன் கார்டைக் கேக்காரே" என்று முணுமுணுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர் காதில் வாங்கமாட்டார். பதில் வந்தால்தான் அரைப்பை மாற்றுகிற மெஷினின் பக்கவாட்டுத் திருகில் கை போகும்.

நான் என் பதிலைப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொன்னேன். எவர்சில்வர் பில்டர், நாலு பேர், பதினைந்து நாள். பீபெரிக் கொட்டை பாதி, பிளான்டேஷன் கொட்டை பாதி, சிக்கரி நூற்றுக்குப் பதினைந்து. அரை கிலோ. அதற்குப் பிறகு என் தலை தெரிந்தாலே அவர் கொட்டையை நிறுக்க ஆரம்பித்துவிடுவார். "என்ன பாய், வழக்கம்போலத்தானே?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அந்த நாலு பேரில் என் மகளும் ஒருத்தி. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நான் வரும்போது அவள் அடுப்படியில் நிற்பாள். முதல் டிக்காஷனில் எனக்கு ஒரு தம்ளர், அவளுக்கு ஒரு தம்ளர். அவளுடைய உம்மாவும் தம்பியும் எழுந்திருக்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருப்போம். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். இருந்தாலும் அந்தக் கால் மணி நேரம் எனக்கு வேண்டும்.

போன வருஷம் அவளை ஏரலில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டார். சம்மந்திக்கு வாழைத்தார் வியாபாரம். ஆற்றங்கரைப் பக்கம் பெரிய வீடு, எட்டுப் பேர். நல்ல மனிதர்கள். பேச்சு முடிக்கப் போனபோது சர்பத் கொடுத்தார்கள், கல்யாணத்தின்போது எல்லாம் சமையல்காரர் கணக்கு. அதனால் அந்த வீட்டுக் காப்பியை நான் வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை. அது ஒரு விஷயம் என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மகளை முதல் தடவை பார்க்கப் போகிற அன்று ஜங்ஷன் கடைக்குப் போய், எனக்கு அரை கிலோ சொல்லிவிட்டு, "மவ வீட்டுக்கு ஒரு கிலோ தனியாப் போடும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தராசிலிருந்து நிமிர்ந்தார். "அங்கன எதுல போடுதாவ?"

"காப்பி எதுல போடுவாவ? பில்டர்லதான்."

"பாத்தீரா?"

"எங்க வீட்டுக்கு அரைக்கிற மாதிரியே அரையும். என் மவ போன இடத்துல எங்க வீட்டுக் காப்பிதான் மணக்கணும்."

"ஒரு தடவைக்கு எத்தனை பேருக்குப் போடுவாவ? ஒரு கிலோவை அரைச்சு வச்சா..."

"போடும்வே!" என்றேன். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். சம்மந்தி வீட்டுக்கு அரை கிலோ கொண்டுபோகிறவன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பது என் கவலை. அவர் நான் சொன்னபடியே அரைத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போகிற பஸ்ஸில் மடியில் காப்பிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஏரலுக்குப் போனேன். காலையில் போய், பொட்டலத்தைக் கொடுத்து, மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையைத் திறக்க வேண்டும் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பொண்ணு கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூச்சம் வேறு. போக முடியாதபோது தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். எப்போது போனில் கேட்டாலும், "பொடி நல்லா இருக்கு வாப்பா" என்பாள் மகள். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

"கேள்வி முடியுமுன்ன பதில் சொல்லுதா. எனக்கு என்னமோ சரியாப் படல" என்றாள் என் வீட்டுக்காரி.

"காப்பியப் பத்தி உனக்கு என்ன தெரியும்" என்றேன்.

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. நம் வீட்டு டப்பாவின் அடியில் பொடி மிஞ்சுகிறது, கடைசி இரண்டு நாள் வாசமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். ஏரலில் வாழ்க்கைப்பட்ட எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தாள். அளவு நாடாவை நான் மடக்கி வைக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "மாமா, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க மவளுக்குக் காப்பி போடத் தெரியலன்னு அந்த வீட்டுப் பொம்பளையாட்கள் பேசிக்கிடுதாவ. சேத்துத் தண்ணி மாதிரி இருக்காம். இப்பல்லாம் அவளை அடுப்புப் பக்கம் விடுறதில்ல, மாமியாரே போடுதாவளாம்."

புது மருமகளுக்கு எங்கள் பக்கம் முதலில் கொடுக்கிற வேலையே விடியற்காலைக் காப்பிதான். அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள் என்றால் அது சின்ன விஷயமில்லை. புருஷன் ஊரில் இல்லாத வீட்டில், எட்டுப் பேருக்கு நடுவில், எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற பெயரோடு என் மகள் நிற்கிறாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் காப்பிக் கடை அண்ணாச்சி மேல் கோபப்பட்டேன்.

இரண்டும் ஒரே அரைப்புதானே என்று எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து கொஞ்சம் பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் கூட்டம் இருந்தது. எனக்கு அதுவும் வசதியாகத்தான் பட்டது.

"சிக்கரிய அள்ளிக் கொட்டி என் மவ பேரைக் கெடுத்துட்டீரேவே!"

அவர் நிதானமாக மெஷினை நிறுத்தினார். பொட்டலத்தைப் பிரித்தார், முகர்ந்தார், ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்துப் பார்த்தார். "வாசம் கொஞ்சம் இறங்கிருக்கு, அரைச்சு நாளாச்சு. மத்தபடி பொடியில குறை இல்ல. உம்ம பில்டருக்கு அரைச்ச பொடி உம்ம பில்டருக்குச் சரியா இருக்கும். அங்கன எதுல போடுதாவ?"

"அதான் பில்டர்னு சொன்னேம்லா!"

"அன்னைக்கே பாத்தீரான்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் பதில் வரல." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், நீரு தையக்காரரு. உம்ம உடம்புக்கு அளவெடுத்து உம்ம சம்மந்திக்குச் சட்டை தைப்பீரா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சரி, ஒரு கிலோ போடும், நானே கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றேன். அவர் கொட்டை டின்னை மூடிவிட்டார். "பாத்துட்டு வாரும், அரைச்சுத் தாரேன். தெரியாம இனி அரைக்க மாட்டேன். பாவம், அந்தப் பிள்ளைதான் பேச்சு வாங்குது."

வெறும் கையோடு வெளியே வந்தேன். நேரே ஏரல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கருங்குளம் தாண்டுகிறவரைக்கும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு திட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அளவெடுக்காமல் நான் ஒரு தடவைகூடத் துணியில் கத்தரி வைத்ததில்லை. அண்ணன் தம்பி இரட்டைப் பிள்ளைகளாக இருந்தாலும் தனித்தனியாக அளவெடுத்துத்தான் தைப்பேன். அது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மறந்திருக்கிறது.

அசர் தொழுகை முடிகிற நேரத்துக்கு ஏரலில் இறங்கினேன். சாயங்காலத்தில் அந்த வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. முன்வாசலில் யாரும் இல்லாததால் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். முற்றத்துக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுப்படிக் கதவு திறந்திருந்தது. சம்மந்தியம்மா அடுப்பின் முன்னால் நின்றார். என் மகள் அவருக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் பில்டரே இல்லை. அடுப்பில் ஒரு பெரிய அலுமினியப் பானை. அதில் மண் போக வடிகட்டிய கருப்பட்டித் தண்ணீர் கொதித்தது. சம்மந்தியம்மா என் பொடியை மூன்று கரண்டி அள்ளிப் போட்டார். பொங்கி வந்ததும் இறக்கினார். ஒரு கை பச்சைத் தண்ணீரைத் தெளித்து மூடி வைத்தார். பொடி அடியில் தங்கியதும் தெளிந்த காப்பியைப் பைய ஊற்றிக் குடிப்பது அவர்கள் வழக்கம். பாலும் கிடையாது. என் பொடி தங்கவில்லை. மாவு மாதிரி மேலேயும் நடுவிலேயும் மிதந்தது. அவர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்து பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு என் மகளிடம் கொடுத்தார். அவள் துணியில் ஊற்றினாள். துணி அடைத்துக்கொண்டது. விரலால் ஓரத்தைத் தூக்கித் தூக்கிக் குலுக்கினாள். சூடு பட்டதும் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்தத் துணியை எனக்குத் தெரியும். என் கடை பாப்ளின். அவளுக்குச் சட்டை தைத்ததில் மிஞ்சிய வெட்டுத் துண்டை நான்தான் மடித்து அவள் பெட்டியில் வைத்தேன். பாப்ளினில் காப்பி இறங்காது, நெசவு நெருக்கம், மல் துணி வேண்டும் என்று முதலில் தோன்றியது. அதற்கு அடுத்த நிமிஷம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வாப்பா!" என்று அவள் திரும்பினாள். அவள் முகத்தில் வந்தது சந்தோஷம்தான், ஆனால் கை உடனே அந்தத் துணியை மறைக்கப் போனது.

குரல் கேட்டு வந்த சம்மந்தி என்னை முன்னறையில் உட்காரவைத்து, அன்று வடிந்த காப்பியில் எனக்கும் ஒரு தம்ளர் கொடுக்கச் சொன்னார். குடித்தேன். கருப்பட்டி வாசத்துக்குப் பின்னால் சிக்கரிக் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. அடியில் விரல்கடை உயரத்துக்கு வண்டல். இதை மூன்று மாதமாக எட்டுப் பேர் காலையிலும் ஆறு பேர் மாலையிலும் குடித்திருக்கிறார்கள்.

"சம்மந்தி, இது குடிக்கிற மாதிரியா இருக்கு? ஏன் சொல்லல?" என்றேன்.

அவர் சங்கடப்பட்டார். "எப்படிச் சொல்ல? சம்மந்தி வீட்டுச் சீரு. அது வீட்டுல இருக்கும்போது கடைப் பொடி வாங்குனா உங்களை மதிக்காத மாதிரி ஆயிரும்லா. முடியட்டும்னு பாத்தோம். முடியுமுன்ன அடுத்த கிலோ வந்துருது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. "என் மவளாவது சொல்லியிருக்கலாம்."

"எங்க வீட்டுக்காரி உங்களுக்குப் போன் போடத்தான் போனா. உங்க மவதான் விடல. 'பொடி நல்ல பொடி மாமி, எனக்குத்தான் போடத் தெரியல, எங்க வாப்பாட்ட சொல்லாதீங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. எங்க வீட்டுப் பொம்பளையாட்களும் அதை நம்பிட்டாவ."

கதவோரம் நின்ற என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பத்து வயதிலிருந்து காப்பி போடுகிறவள். என் பொடிக்குக் குறை வந்துவிடக் கூடாது என்று தன் கைக்குக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் கோபத்துக்கு அவள் இத்தனை பயந்திருக்கிறாள், அல்லது என் மேல் அத்தனை பிரியம். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்திலேயே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு என் மேலம்மா. நான் கடையில சரியாச் சொல்லல" என்றேன். சம்மந்தியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். என் மகளை ஒரு தடவை பார்த்தார். அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, சுட்ட விரலுக்கு எண்ணெய் எடுத்துவரப் போனார்.

அடுத்த வாரம் சம்மந்திக்குத் திருநெல்வேலியில் வேலை இருந்தது. "அந்தக் கடைக்கு நானும் வாரேன்" என்றார். இரண்டு பேரும் ஜங்ஷனில் சேர்ந்துகொண்டோம். அவர் கையில் ஒரு துணிப் பை.

அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். "ஆளையே கூட்டிட்டு வந்துட்டீரா பாய்? அப்படி வாரும்." பிறகு சம்மந்தி பக்கம் திரும்பி, "சொல்லுங்க, எதுல போடுதிய?"

சம்மந்தி சளைக்காமல் சொன்னார். பானை, கருப்பட்டித் தண்ணீர், பொங்க விட்டு இறக்குவது, பச்சைத் தண்ணீர் தெளிப்பது, பால் இல்லை, காலையில் எட்டுத் தம்ளர், மாலையில் ஆறு. நான் அளவெடுக்க ஆள் கூட்டிவந்தவன் மாதிரி ஓரமாக நின்றேன்.

"அப்படின்னா சிக்கரியே வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "அது பில்டர்ல டிக்காஷன் கெட்டியா இறங்கத்தான். கொதிக்கிற பானைக்கு எதுக்கு? கருப்பட்டியும் அதுவும் சேந்தா கசப்புதான். அரைப்பும் ரவை கணக்கா இருக்கணும். அப்பந்தான் அடியில உக்காரும். ஒரு கிலோவா வாங்காதீங்க. வாரத்துக்கு அரைக் கிலோ. அரைச்ச பொடி நாளாக நாளாக வாசம் போயிரும்."

திருகைத் தளர்த்தினார். முதலில் ஒரு கைப்பிடி கொட்டையைப் போட்டு ஓடவிட்டு, வந்த பொடியைத் தனியாக ஒரு டின்னில் தட்டினார். முன்னால் அரைத்தவருடைய நைசுப் பொடி உள்ளே ஒட்டியிருக்கும், அது இதில் கலக்கக் கூடாது என்றார். அப்புறம் அரைக் கிலோவை அரைத்தார். சம்மந்தி கையில் கொஞ்சம் வாங்கித் தேய்த்துப் பார்த்தார். சொரசொரவென்று ரவை மாதிரியே இருந்தது. பொட்டலம் இன்னும் சூடாக இருந்ததால், வீட்டுக்குப் போகிறவரைக்கும் வாயை இறுகக் கட்ட வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார்.

கிளம்பலாம் என்று நான் நகர்ந்தேன். சம்மந்தி நகரவில்லை.

"இன்னொன்னு அரைக்கணும்" என்றார்.

"எதுல போடுதிய?" என்றார் அண்ணாச்சி, பழக்கம் விடாமல்.

சம்மந்தி துணிப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன எவர்சில்வர் பில்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுசு. விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. கைக்குள் அடங்குகிற அளவு.

"இதுல."

"எத்தனை பேருக்கு?"

"ஒரு ஆளுக்கு. என் மருமவளுக்கு." அவர் என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துத்தான் பேசினார். "விடியக்காலம் எங்களுக்கெல்லாம் பானையில காப்பி போட்டுருதா. இப்ப மறுபடியும் அவதான் போடுதா, எங்க ஊருக் கடையில பழைய மாதிரிப் பொடி வாங்கிக் கொடுத்தோம், அருமையா இருக்கு. ஆனா அவ அதைக் குடிக்க மாட்டேங்கா. சும்மா தம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. அவளுக்கு அவ வாப்பா வீட்டுக் காப்பிதான் இறங்கும்போல."

நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஒரு ஆட்டோ, பின்னால் இரண்டு பஸ். எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"கலப்பு?" என்று அண்ணாச்சி கேட்டது காதில் விழுந்தது.

"அது அவருக்குத்தான் தெரியும்" என்றார் சம்மந்தி.

அவர்கள் பக்கம் திரும்பி, "பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி பதினஞ்சு" என்றேன். "எங்க வீட்டு அரைப்புதான்" என்று வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன். "அரைப்பு நீரு பாத்துச் செய்யும் அண்ணாச்சி."

அவர் சிரித்தார். சின்ன பில்டரைத் திறந்து ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ரெண்டு கரண்டிதான் பிடிக்கும். பொடி மட்டம் கம்மி. உம்ம வீட்டு அரைப்புல போட்டா தண்ணி நிக்காம ஓடிரும். இன்னும் ஒரு சுத்து நைசாப் போவோம். நூறு கிராம் போதும். தீர்ந்ததும் புதுசா அரைச்சுக்கிடலாம்." திருகை இறுக்கினார். மறுபடியும் ஒரு கைப்பிடி கொட்டை ஓடி டின்னுக்குப் போனது. நூறு கிராமை அரைத்துச் சிக்கரியைக் கலந்து தந்தார். அந்தச் சின்னப் பொட்டலத்தைச் சம்மந்தி பையில் போடவில்லை. சூட்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உமக்கு பாய்?" அண்ணாச்சி என் அரைக் கிலோவுக்குக் கொட்டையை அள்ள ஆரம்பித்துவிட்டார். "வழக்கம்போலத்தானே?"

தலையை ஆட்டப் போனவன், டப்பாவின் அடியில் வாசம் போய்க் கிடக்கும் பொடியை நினைத்துக்கொண்டேன்.

"இல்ல அண்ணாச்சி. குறைச்சுப் போடும்" என்றேன். "எங்க வீட்டுல இப்ப மூணு பேருதான்."